தன்மைகாட்டி எதிர்மமானால் மூலங்கள் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன?

செந்தூல்வாசி | மார்ச் 4, இரவு 9.15

நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகளுக்கு x² − 6x + 13 = 0 என்ற ஒரே சமன்பாட்டுக்கு மூன்று விடைகள் கிடைத்திருக்கின்றன. கூடுதல் கணிதப் பாடநூலின்படி இதற்கு மெய் மூலங்கள் இல்லை. டியூஷனில் 3 + 2i, 3 − 2i என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய கேசியோ fx-570MS கால்குலேட்டரோ, EQN முறையில் முதல் மூலம் 3, இரண்டாவது மூலமும் 3 என்று காட்டுகிறது.

அதோடு நிற்கவில்லை. வரைபடத் தாளில் பரவளையத்தை வரைந்து, (3, 2), (3, −2) என்று இரண்டு புள்ளிகளையும் குறித்துவிட்டு, "இவை வளைகோட்டின் மேலும் இல்லை, x அச்சின் மேலும் இல்லை, பிறகு எப்படி மூலங்களாகும்?" என்று கேட்கிறாள். நான் கடையில் கணக்கெழுதுபவன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன்காரர் | மார்ச் 4, இரவு 9.50

தன்மைகாட்டி b² − 4ac = 36 − 52 = −16. எதிர்மம். மெய் மூலங்கள் இல்லை. நான்காம் படிவத்துக்கு அவ்வளவுதான். i, அதாவது √−1, கலந்த கலப்பெண்கள் ஆறாம் படிவத்தில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதே i-யைக் கொடுத்துப் பிள்ளையைக் குழப்புவானேன்?

ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியை | மார்ச் 4, இரவு 10.30

கால்குலேட்டரை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கருவி கலப்பு மூலத்தை இரண்டாகப் பிரித்து, மெய்ப்பகுதியை மட்டும் முதலில் காட்டும். அப்போது திரையின் மேல் ஓரத்தில் R⇔I என்ற சிறிய அடையாளம் தோன்றும். அதைக் கண்டதும் SHIFT அழுத்தி = பொத்தானை அழுத்தினால் 2i வரும். அடுத்த மூலத்துக்கு நகர்ந்து அதையே செய்தால் −2i வரும். அந்த அடையாளத்தைக் கவனிக்காத மாணவர்கள் 3, 3 என்று எழுதி, "இரு மூலங்களும் சமம்" என்று முடித்துவிடுவார்கள். பள்ளியில் விடைத்தாள் திருத்திய காலத்தில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். தன்மைகாட்டி −16 என்று மேலே சரியாக எழுதியிருப்பார்கள், கீழே சம மூலங்கள் என்று எழுதியிருப்பார்கள். தன்மைகாட்டி சுழியாக இருந்தால்தான் மூலங்கள் சமமாகும் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே செந்தூல்வாசி ஐயா, உங்கள் மகளுக்குக் கிடைத்தவை மூன்று விடைகள் அல்ல. ஒரே விடைதான், அதில் கருவி காட்டியது பாதி. (3, 2) பற்றி நாளை எழுதுகிறேன். அந்தக் கேள்விதான் இதில் அருமையானது.

ஆறாம் படிவக்காரன் | மார்ச் 5, மாலை 4.10

எஸ்.டி.பி.எம். கணிதம் படிப்பவன் என்ற முறையில் ஒரு குறுக்குவழி சொல்கிறேன். வர்க்கப் பூர்த்தி செய்தால் x² − 6x + 13 = (x − 3)² + 4. பரவளையத்தின் முனை (3, 4). முனையின் x மதிப்பு 3, அது மூலத்தின் மெய்ப்பகுதி. முனையின் உயரம் 4, அதன் வர்க்கமூலம் 2, அது கற்பனைப் பகுதி. எந்த இருபடிச் சமன்பாட்டுக்கும் இப்படி வரைபடத்தைப் பார்த்தே மூலத்தைச் சொல்லிவிடலாம். சூத்திரமே தேவையில்லை.

ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியை | மார்ச் 5, இரவு 8.05

தம்பி, பாதி சரி. 2x² − 8x + 26 = 0 என்பதற்கு உங்கள் குறுக்குவழியைப் போட்டுப் பாருங்கள். அது 2(x − 2)² + 18 என்றாகும். முனை (2, 18). உங்கள் கணக்குப்படி கற்பனைப் பகுதி √18, ஏறத்தாழ 4.24. ஆனால் சமன்பாட்டை 2 ஆல் வகுத்தால் x² − 4x + 13 = 0. அதன் தன்மைகாட்டி 16 − 52 = −36. மூலங்கள் 2 ± 3i. உயரத்தை x²-இன் கெழுவால் வகுத்த பிறகே வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 18 ÷ 2 = 9, அதன் வர்க்கமூலம் 3. முதல் எடுத்துக்காட்டில் கெழு 1 என்பதால் உங்கள் வழி தற்செயலாகப் பொருந்திவிட்டது.

தாளில் இதைக் காண ஓர் அளவுகோல் போதும். முனையின் உயரத்தைப் போல இரு மடங்கு உயரத்தில் ஒரு கிடைக்கோடு வரையுங்கள். x² − 6x + 13-க்கு முனையின் உயரம் 4, ஆகவே கோடு 8-இல் அமையும். அந்தக் கோடு பரவளையத்தை x = 1, x = 5 ஆகிய இடங்களில் வெட்டும். இரண்டுக்கும் நடுவில் 3, நடுவிலிருந்து ஒவ்வொரு புறமும் 2. மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் கிடைத்துவிட்டன. கெழு எதுவானாலும் இது பொய்க்காது, ஏனென்றால் கெழு பெரிதானால் பரவளையம் ஒடுங்கி, வெட்டும் இடங்கள் தாமாகவே நெருங்கி வந்துவிடும்.

இது அளக்கும் வழி மட்டுமே. மூலங்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியை | மார்ச் 5, இரவு 9.20

தொடர்கிறேன். மகள் குறித்த (3, 2) என்ற புள்ளியில், 2 என்பது y-இன் மதிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அவளுடைய தாளில் நிமிர்ந்து நிற்கும் அச்சு, x-ஐப் போட்டால் கோவையின் மதிப்பு எவ்வளவு வருகிறது என்பதைக் காட்டுவது. கற்பனைப் பகுதியோ x-இன் ஒரு பகுதி. போடும் எண்ணுக்கே இரண்டு பகுதிகள் இருக்கும்போது, அதற்கு ஒரு கோடு போதாது, ஒரு தளம் வேண்டும். அந்தத் தளத்துக்கு அவளுடைய தாளில் இடமே இல்லை. x அச்சு வழியாகத் தாளுக்குச் செங்குத்தாக, அவளை நோக்கி ஒரு புறமும் சுவரை நோக்கி மறுபுறமும், அது விரிகிறது என்று கொள்ள வேண்டும்.

இப்போது 3-இல் நின்றுகொண்டு, வலமும் இடமும் போகாமல், தாளை விட்டு வெளியே நேராக நடப்போம். அதாவது x = 3 + ti, இதில் t மெய்யெண். (x − 3)² + 4 என்ற கோவையில் போட்டால் (ti)² + 4. i² = −1 என்பதால் அது 4 − t². i மறைந்துவிட்டது. அந்தக் கோட்டின் மீது எங்கே நின்றாலும் மதிப்பு மெய்யெண்தான். t = 0 ஆனால் 4, t = 1 ஆனால் 3, t = 2 ஆனால் சுழி. t = −2 ஆனாலும் சுழி.

ஆக, பரவளையத்தின் முனையிலிருந்து இன்னொரு பரவளையம், கவிழ்ந்த நிலையில், தாளுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. தாளில் இருக்கும் பரவளையம் தரையைத் தொடாமல் மேலே போய்விடுகிறது, கவிழ்ந்தது இரண்டு இடங்களில் தரையைத் தொடுகிறது. தாளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் தாளிலிருந்து ஒரே தொலைவில். அவைதாம் 3 + 2i, 3 − 2i.

செந்தூல்வாசி | மார்ச் 5, இரவு 10.45

டீச்சர், படிக்கும்போது புரிந்தது போல் இருந்தது. மகளுக்குச் சொல்ல முயன்றபோது, தாளுக்குப் பின்னால் இருக்கும் சுவரை இருவரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியை | மார்ச் 6, காலை 7.30

அப்படியானால் கத்தரிக்கோலை எடுங்கள். மணிலா அட்டை இரண்டு வேண்டும், ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர்.

முதல் அட்டையின் கீழ் விளிம்பு x அச்சு, 0 முதல் 6 வரை. மேல் விளிம்பை y = x² − 6x + 13 என்ற வளைவாக வெட்டுங்கள். இரு ஓரங்களிலும் உயரம் 13 செ.மீ., நடுவில் 4 செ.மீ. இரண்டாவது அட்டையின் கீழ் விளிம்பு −2 முதல் 2 வரை, மொத்தம் 4 செ.மீ. மேல் விளிம்பு y = 4 − t², நடுவில் உயரம் 4 செ.மீ.

முதல் அட்டையில் 3-இன் நேர் மேலே, வளைவின் அடிமட்டத்திலிருந்து கீழ்நோக்கி 2 செ.மீ. கீறுங்கள். இரண்டாவது அட்டையின் நடுவில், கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி 2 செ.மீ. கீறுங்கள். இரண்டாவதை முதலாவதின் மீது குறுக்காகச் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். கட்டம் போட்ட தாளை மேசையில் விரித்து அதன் மேல் வையுங்கள். மேசையில் கிடக்கும் அந்தத் தாள்தான் நேற்று நான் சொன்ன தளம், கலப்பெண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் ஆர்கன் தளம். சிறிய அட்டையின் இரு முனைகளும் அதில் தொடும் இடங்களைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் மின்னியலாளர் | மார்ச் 6, பிற்பகல் 1.15

இங்கே எல்லாரும் மூலம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறீர்கள். எங்கள் தொழிற்சாலையில் அது தினமும் கண்முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறது. பெட்டிகளை எடை போடும் தராசில் பெட்டியை வைத்தவுடன் தட்டு மேலும் கீழும் ஆடி மெல்ல அடங்கும். அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் சமன்பாட்டில் ஓர் இருபடி வரும். எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன்: s² + 2s + 10 = 0. தன்மைகாட்டி 4 − 40 = −36. மூலங்கள் −1 ± 3i. நாங்கள் i-க்குப் பதிலாக j எழுதுவோம், i மின்னோட்டத்துக்குப் போய்விட்டது.

இதில் −1 என்பது ஆட்டம் எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதைச் சொல்கிறது: ஒவ்வொரு நொடியும் வீச்சு ஏறத்தாழ 0.37 மடங்காகக் குறையும். 3 என்பது எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பது: ஒரு முழு ஆட்டத்துக்கு 2π/3, சுமார் 2.1 நொடி. தன்மைகாட்டி நேர்மமாக இருந்தால் தட்டு இப்படி மேலும் கீழும் ஊசலாடாது, நேராக அடங்கிவிடும். ஆகவே எங்களுக்குத் தன்மைகாட்டி எதிர்மம் என்றால் "விடை இல்லை" என்று பொருள் இல்லை, "ஆடும்" என்று பொருள்.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன்காரர் | மார்ச் 6, பிற்பகல் 1.40

நான்காம் படிவப் பிள்ளை பரவளையத்தைப் பற்றிக் கேட்டாள். தராசைப் பற்றிக் கேட்கவில்லை.

பாயான் லெப்பாஸ் மின்னியலாளர் | மார்ச் 6, பிற்பகல் 2.05

உண்மைதான் அண்ணே. ஆனால் மூலங்கள் ஏன் இரட்டையாக வருகின்றன என்பதற்கு என் தராசில் ஒரு பதில் இருக்கிறது. தட்டின் அசைவு மெய்யெண்ணாகத்தான் இருக்க முடியும். ஒரு மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் விடையில் கற்பனைப் பகுதி தங்கிவிடும். இணையையும் சேர்த்தால் ஒன்றின் +3i பகுதியும் மற்றதன் −3i பகுதியும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். ஒற்றையாக வந்தால் தராசு எப்படி ஆட வேண்டும் என்று அதற்கே தெரியாது.

ஆறாம் படிவக்காரன் | மார்ச் 6, மாலை 5.30

இரட்டையாக வருவதற்குத் தராசெல்லாம் வேண்டாம். சூத்திரத்தில் ± இருக்கிறது. தன்மைகாட்டி எதிர்மமானால் வர்க்கமூலம் i-யைக் கொண்டுவரும், ± அதை இரண்டாக்கும். ஆகவே தன்மைகாட்டி எதிர்மம் என்றாலே மூலங்கள் இணைக் கலப்பெண்கள்தாம்.

ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியை | மார்ச் 6, இரவு 8.50

தம்பி மறுபடியும் முக்கால் தூரம் வந்து நிற்கிறார். x² − ix + 2 = 0 என்பதைத் தீர்த்துப் பாருங்கள். தன்மைகாட்டி (−i)² − 8 = −1 − 8 = −9. எதிர்மம். மூலங்கள் (i ± 3i)/2, அதாவது 2i, −i. இவை ஒன்றுக்கொன்று இணை அல்ல. 2i-க்கு இணை −2i ஆயிற்றே. ± இருந்தும் இணை வரவில்லை, ஏனென்றால் ±-க்கு முன்னால் நிற்கும் −b/2a இங்கே மெய்யெண் இல்லை.

கெழுக்கள் மூன்றும் மெய்யெண்களாக இருப்பதுதான் காரணம். அதை உணர ஒரு முறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். 3 + 2i-ஐ x² − 6x + 13-இல் இடுவோம். (3 + 2i)² = 9 + 12i − 4 = 5 + 12i. அடுத்தது −6(3 + 2i) = −18 − 12i. கடைசியில் 13. மெய்ப்பகுதிகள் 5 − 18 + 13 = 0. கற்பனைப் பகுதிகள் 12i − 12i = 0. இப்போது அதே கணக்கை 3 − 2i-க்குச் செய்யுங்கள். i இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் குறி மாறும், வேறு எதுவும் மாறாது. சுழி சுழியாகவே இருக்கும். கெழுவுக்குள்ளேயே ஓர் i ஒளிந்திருந்தால், அது குறி மாறாமல் நின்று கணக்கைக் கெடுத்துவிடும். மேலே x² − ix + 2-இல் நடந்தது அதுதான்.

விடையைச் சரிபார்க்கவும் இது உதவும். (6 ± 4i)/2 என்று வந்த பிறகு, பலர் 6-ஐ மட்டும் வகுத்து 3 ± 4i என்று எழுதுவார்கள், சிலர் 4-ஐ மட்டும் வகுத்து 6 ± 2i என்று எழுதுவார்கள். இரு மூலங்களையும் கூட்டினால் 6 வர வேண்டும், பெருக்கினால் 13 வர வேண்டும். 3 ± 4i-இன் கூட்டல் 6, சரிதான் என்று தோன்றும், ஆனால் பெருக்கல் 9 + 16 = 25. கூட்டலை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மெய்ப்பகுதி சரியாக இருக்கும்வரை கூட்டல் எந்தத் தவற்றையும் காட்டிக் கொடுக்காது.

கிள்ளான் சாலை அம்மா | மார்ச் 7, காலை 10.20

நானும் கேட்கலாமா? என் மகனின் பயிற்சித் தாளில் 20 மீட்டர் வேலியால் 40 சதுர மீட்டர் செவ்வகத் தோட்டம் அடைக்க வேண்டும், நீள அகலம் காண்க என்று இருக்கிறது. தன்மைகாட்டி எதிர்மமாக வருகிறது. அச்சுப் பிழை என்று நினைக்கிறேன். 24 ஆக இருந்திருக்குமோ? 24 என்றால் 6, 4 என்று அழகாக வருகிறது.

ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியை | மார்ச் 7, பிற்பகல் 12.10

இல்லை அம்மா, அது வேண்டுமென்றே கேட்கப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் x என்றால் மற்றது 10 − x. பெருக்கல் 40 என்றால் x² − 10x + 40 = 0. வர்க்கப் பூர்த்தி செய்தால் (x − 5)² + 15 = 0. இந்த 15-ஐக் கவனியுங்கள். 20 மீட்டர் வேலியால் அடைக்கக்கூடிய மிகப் பெரிய செவ்வகம் ஐந்துக்கு ஐந்து சதுரம், 25 சதுர மீட்டர். கேட்டது 40. குறைவது 15. பரவளையத்தின் முனை x அச்சுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவு அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள். தோட்டக்காரருக்கு விடை "முடியாது", எவ்வளவு தூரம் முடியாது என்பதையும் கணக்கே சொல்லிவிடுகிறது.

பத்தை இரண்டாகப் பிரித்து, பெருக்கினால் நாற்பது வர வேண்டும் என்ற இதே எண்களை 1545-இல் இத்தாலியின் கார்டானோ எடுத்துக்கொண்டு, 5 + √−15, 5 − √−15 என்று எழுதினார். கூட்டினால் 10, பெருக்கினால் 25 + 15 = 40. சரியாகத்தான் வருகிறது, ஆனால் இதனால் பயன் என்ன என்று அவருக்கே ஐயம் இருந்தது.

கிள்ளான் சாலை அம்மா | மார்ச் 7, பிற்பகல் 12.40

அப்படியானால் மகன் 5 ± i√15 மீட்டர் என்று எழுதலாமா?

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன்காரர் | மார்ச் 7, பிற்பகல் 12.45

வேலிக் கம்பி விற்கும் கடையில் i மீட்டர் கேட்டுப் பாருங்கள்.

செந்தூல்வாசி | மார்ச் 8, இரவு 9.30

அட்டைகள் நின்றன. முதல் முறை கீறல் ஆழம் போதாமல் சிறிய அட்டை அந்தரத்தில் நின்றது, பிறகு சரி செய்தோம். முனைகள் தொட்ட இடங்களை மகள் குறித்தாள். அதன் பிறகு நான் சொல்லாமலே 2x² − 8x + 26-க்கும் வெட்டினாள். கவிழ்ந்த அட்டை 18 − 2t², உயரம் 18 செ.மீ., அடி 6 செ.மீ., ஒல்லியாக ராக்கெட் போல் இருக்கிறது. தொட்ட இடங்கள் 2 + 3i, 2 − 3i.

இப்போது அவளுடைய கேள்வி வேறு. தேர்வில் "மூலங்களின் தன்மையைக் கூறுக" என்று கேட்டால், மெய் மூலங்கள் இல்லை என்று மட்டும் எழுத வேண்டுமா, அல்லது 2 ± 3i என்றும் சேர்த்து எழுதலாமா?

ஆறாம் படிவக்காரன் | மார்ச் 8, இரவு 9.55

எழுதட்டும். உண்மையான விடையை எழுதினால் யார் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன்காரர் | மார்ச் 8, இரவு 10.10

கேட்டதற்கு மட்டும் பதில். எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் கலப்பெண் பாடமே இல்லை. தன்மைகாட்டி −36, சுழியைவிடச் சிறியது, ஆகவே மெய் மூலங்கள் இல்லை. மூன்று வரிகள். கூடுதலாக எழுதப் போய் 2 ± 6i என்று பிழையாக எழுதிவிட்டால், சரியாக எழுதிய வரியும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியை | மார்ச் 9, காலை 8.00

நான் டியூஷன்காரர் பக்கம் பாதி, தம்பி பக்கம் பாதி. "மெய் மூலங்கள் இல்லை" என்ற சொற்கள் விடையில் கட்டாயம் இருக்க வேண்டும், 2 ± 3i என்பது அதற்கு மாற்றாகாது. வளைகோடு x அச்சை வெட்டவில்லை என்று காட்டச் சொன்னால், கலப்பு மூலங்களை எழுதுவதால் வாதம் வலுப்படப் போவதில்லை, தன்மைகாட்டியே போதும். அதற்குக் கீழே, நேரம் இருந்தால், மூலங்களையும் எழுதினால் என்னைப் போன்றவர்கள் மகிழ்வோம்.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன்காரர் | மார்ச் 9, காலை 8.20

தாளைத் திருத்தப் போவது நீங்கள் இல்லையே டீச்சர். என் மாணவர்கள் மூன்று வரிகளோடு நிறுத்துவார்கள்.